முன்பல் இடைவெளியில் தொடங்கிய விசாரணை: 17 வயதுப் பெண்ணின் தாடை எலும்பு அரிப்பும் அவர் குடும்பமும்

தண்டையார்பேட்டையைச் சேர்ந்த, பிளஸ் டூ படிக்கும் 17 வயதுப் பெண் ஒருவர், மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிட்டது என்றும், கல்லூரியில் சேர்வதற்குள் க்ளிப் போட்டு அதை மூடிவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டு தம் தாயுடன் எங்கள் ஈறு நோய்ப் பிரிவுக்கு வந்தார். (குடும்பத்தினர் யாரென்று தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.) வலி இல்லை, வீக்கம் இல்லை, வாய் நாற்றம் இல்லை. பல் துலக்கும்போது இரத்தம் வருவதாகவும் அவர் சொல்லவில்லை. முன்பல்லில் சந்து இருந்தால் அதிர்ஷ்டம் என்று பாட்டி சொல்லி வந்ததால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்தாம் வகுப்பில் எடுத்த புகைப்படத்தைக் கைப்பேசியில் காட்டச் சொன்னோம். அதில் அந்த இரு பற்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. பிறவியிலேயே இருக்கும் சந்தும், இரண்டு ஆண்டுகளுக்குள் புதிதாகத் திறந்த சந்தும் மருத்துவரைப் பொறுத்தவரை முற்றிலும் வேறு செய்திகள். நேராக முளைத்து நின்ற பல் வளரிளம் பருவத்தில் தானாக நகர்கிறது என்றால், அதைப் பிடித்து வைத்திருக்கும் எலும்பு குறைந்திருக்கிறதா என்பதே முதலில் எழ வேண்டிய கேள்வி.

கண்ணுக்குத் தெரியாதது

வாயைத் திறந்து பார்த்தபோது ஐயப்பட எதுவுமில்லை. ஈறு இளஞ்சிவப்பாக, இறுக்கமாக இருந்தது. பற்களில் படிவு மிகக் குறைவு. கீழ் முன்பற்களின் உட்புறத்தைத் தவிர வேறெங்கும் காரை இல்லை. சொத்தையும் இல்லை. இந்த நோயைப் பலர் தவறவிடுவதற்கு இதுவே காரணம். ஈறு நோய் என்றால் சிவந்து வீங்கிய ஈறும் கெட்டியாகப் படிந்த காரையும் இருக்கும் என்று எதிர்பார்க்கும் கண், சுத்தமான வாயைக் கண்டதும் நிம்மதி அடைந்துவிடுகிறது. அழுக்கின் அளவுக்கும் அழிவின் அளவுக்கும் பொருத்தமே இல்லாமல் இருப்பதுதான் இந்த நோயின் அடையாளம்.

ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான பள்ளத்தை, மில்லிமீட்டர் கோடுகள் இட்ட அளவுகோல் முனையால் ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடங்களில் அளந்தோம். ஆரோக்கியமான வாயில் இது மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்கும். இப்பெண்ணின் பெரும்பாலான பற்களில் அளவு 2 அல்லது 3 என்றே வந்தது. ஆனால் மேல் இடது முதல் கடைவாய்ப்பல்லின் முன்பக்கத்தில் முனை 9 மில்லிமீட்டர் வரை இறங்கியது. மேல் வலதில் 8, கீழ்ப் பக்கங்கள் இரண்டிலும் 7, மேல் நடு முன்பற்களுக்கிடையே 6. முனையை வெளியே எடுத்ததும் இந்த இடங்களில் மட்டும் இரத்தம் கசிந்தது. மேல் நடு முன்பற்கள் இரண்டும் இலேசாக ஆடின. வளைந்த முனையுள்ள கருவியால் மேல் இடது கடைவாய்ப்பல்லின் வேர்கள் பிரியும் கவையைத் தடவிப் பார்த்தபோது, அங்கும் எலும்பு சற்று விலகத் தொடங்கியிருந்தது. குளிர் சோதனைக்கு எல்லாப் பற்களும் உணர்வு காட்டியதால், கோளாறு பல்லின் நரம்பிலிருந்து தொடங்கவில்லை என்பது உறுதியாயிற்று.

எக்ஸ்-ரே படங்கள் மீதியைச் சொல்லின. எலும்பின் விளிம்பு வழக்கமாகப் பல்லின் கழுத்துக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் கீழே நேர்கோடாக ஓடும். இங்கே இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லின் பின்புறத்தில் தொடங்கி, முதல் கடைவாய்ப்பல்லை ஒட்டி ஆழமாகக் குழிந்து, இரண்டாம் கடைவாய்ப்பல்லின் முன்புறத்தில் மீண்டும் ஏறும் வளைவு தெரிந்தது. வலப்பக்க வளைவும் இடப்பக்க வளைவும் கண்ணாடியில் பார்த்தது போல ஒத்திருந்தன. மேல் இடது பல்லில் வேரின் ஏறக்குறைய பாதி நீளத்துக்கு எலும்பு இல்லை.

எந்த நோய், எந்த நோய் அல்ல

ஆரோக்கியமான உடல், விரைவான எலும்பு அழிவு, குடும்பத்தில் பரவி வருதல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் 1999ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி இதைத் தீவிரப் பெரியோடான்டைட்டிஸ், அதாவது பல்லைத் தாங்கும் எலும்பை விரைவாக அழிக்கும் ஈறு நோய் என்று அழைத்தோம். 2017இல் சிகாகோவில் நடந்த உலகப் பணிப்பட்டறைக்குப் பிறகு அது தனி நோயாக வைக்கப்படவில்லை. எல்லாப் பெரியோடான்டைட்டிஸும் ஒரே குடையின் கீழ் வந்து, அழிவின் அளவுக்கு நிலை, வேகத்துக்குத் தரம் என்று பிரிக்கப்பட்டன. வேகத்தைக் கணக்கிடும் முறை எளிது: மிக மோசமான பல்லில் எத்தனை விழுக்காடு எலும்பு போயிற்றோ அதை வயதால் வகுக்க வேண்டும். விடை 1-க்கு மேல் என்றால் அது மிக விரைவான சி தரம். இப்பெண்ணுக்கு 50-ஐ 17-ஆல் வகுக்க, ஏறத்தாழ 3 வந்தது. எனவே மூன்றாம் நிலை, சி தரம், கடைவாய்-முன்பல் அமைப்பு என்று பதிவு செய்தோம். இளவயதில் எலும்பு இப்படிக் குறையும்போது கணக்கை நம்பி மட்டும் நின்றுவிடக் கூடாது. உடம்பிலேயே வேறு காரணம் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவது கட்டாயம்.

அதில் முதலில் பார்த்தது கையையும் காலையும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து வெடித்திருந்தால், பெற்றோர் இருவரிடமிருந்தும் குறைபாடுள்ள மரபணு வந்தால் மட்டுமே வெளிப்படும் பாபியோன்-லெஃபெவ்ர் நோய்க்குறியை நினைக்க வேண்டும். இங்கே தாயும் தந்தையும் அத்தை மகன், மாமன் மகள் உறவில் மணந்தவர்கள் என்பதால் இந்தக் கேள்வி வெறும் சடங்காக இருக்கவில்லை. தோல் இயல்பாகவே இருந்தது. பால் பற்கள் வேரோடு முன்கூட்டியே விழுந்ததில்லை. இரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியின் அளவும் குறையவில்லை. ஆகவே எலும்பும் பல் வேர் மேற்பரப்பும் சரியாகச் சுண்ணம் ஏறாத ஹைப்போபாஸ்பட்டேசியா விலகிற்று. வெள்ளணுக்களின் எண்ணிக்கையும் வகைப்பிரிவும் இயல்பு. மூன்று மாதச் சராசரி சர்க்கரைச் சோதனையில் நீரிழிவு இல்லை என்று தெரிந்தது. புகையிலைப் பழக்கமும் இல்லை.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையை நாங்கள் செய்யவில்லை. விடை எதுவாக இருந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை என்பதே காரணம். இந்த அமைப்பில் முதல் சந்தேகம் விழும் கிருமி அக்ரிகாட்டிபாக்டர் ஆக்டினோமைசிடெம்காமிடன்ஸ். அது வெள்ளணுக்களைக் கொல்லும் ஒரு நச்சைச் சுரக்கிறது. ஈறுத் திசுவுக்குள் ஊடுருவவும் செய்கிறது. அந்த நச்சை மிகையாகச் சுரக்கும் ஒரு வகையைச் சுமந்திருந்த வளரிளம் பருவத்தினருக்குப் பிறரைவிடப் பல மடங்கு அதிகமாக ஒட்டிழப்பு, அதாவது பல்லைப் பிடித்திருக்கும் திசு பல்லைவிட்டு விலகுவது, ஏற்பட்டதை, மொராக்கோவில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. நச்சுக்கு எதிராக உடல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதும் சேர்ந்தே அழிவைத் தீர்மானிக்கிறது. முதல் கடைவாய்ப்பல்லும் முன்பல்லும் மட்டும் ஏன் என்ற கேள்விக்கு முழுமையான விடை இல்லை. ஆறு முதல் எட்டு வயதுக்குள் முதலில் முளைப்பவை அவையே என்பதால் கிருமி முதலில் அங்கே குடியேறுகிறது என்றும், பிறகு உடலில் உருவாகும் எதிர்ப்புப் பொருள்கள் பின்னால் முளைக்கும் பற்களைக் காக்கின்றன என்றும் ஒரு விளக்கம் உண்டு. அது படத்துடன் பொருந்துகிறது. நிறுவப்பட்டது என்று சொல்ல முடியாது.

தாயின் பற்கள்

குடும்ப வரலாற்றைக் கேட்டபோது தாய் சொன்னது இது: “எங்க வீட்ல எல்லாருக்கும் பல்லு சீக்கிரமே ஆடிரும் டாக்டர். பெரியவ பொறந்தப்புறம் எனக்கு ரெண்டு பல்லு தானாவே வந்துருச்சு.” அவருக்கு இப்போது 41 வயது. பிள்ளை பெற்றால் பல் போவது இயல்பு என்று அவருடைய தாயும் மாமியாரும் சொல்ல, இருபத்து நான்கு வயதில் இரண்டு கீழ்க் கடைவாய்ப்பற்களை இழந்ததை அவர் நோயாகவே நினைத்ததில்லை. அந்தப் பற்களில் குழியோ கறுப்போ இருந்ததா என்று கேட்டோம். முழுப் பல்லாக, வெள்ளையாக வந்தது என்றார். சொத்தை இல்லாத முழுப் பல் இருபதுகளில் ஆடி விழுந்தது என்ற ஒற்றை வரி, வேறு சோதனை இல்லாமலேயே குடும்பத்தொடர்பைக் காட்டிவிடுகிறது. ‘வீட்டில் யாருக்காவது ஈறு நோய் உண்டா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். ‘முப்பது வயதுக்குள் யாருக்குப் பல் விழுந்தது, விழுந்த பல்லில் ஓட்டை இருந்ததா’ என்று கேட்க வேண்டும்.

இந்த வரலாற்றுக்கு மரபும் காரணமாக இருக்கலாம். ஒரே வீட்டில் எச்சில் வழியாகக் கிருமி கைமாறுவதும் காரணமாக இருக்கலாம். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. உறவுத் திருமணத்தால்தான் இந்த நோய் வந்தது என்று குடும்பத்தாரிடம் சொல்ல எங்களுக்கு எந்த அடிப்படையும் இல்லை, அதைச் சொல்லவுமில்லை. ஆனால் உடன்பிறந்தவர்களை வரவழைக்க வேண்டும் என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிட்டோம்.

முதல் கட்டச் சிகிச்சை

க்ளிப் வேண்டாம், இப்போதைக்கு வேண்டவே வேண்டாம் என்பதே முதல் முடிவு. நோய் அடங்காத ஈறில் பல்லை இழுக்கும் விசை கொடுத்தால், அழற்சி இருக்கும் இடத்தில் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும். சந்தை மூடப்போய்ப் பல்லையே இழக்க நேரிடும். பெண்ணுக்கு இது ஏமாற்றமாக இருந்தது. படத்தை அவர் கையில் கொடுத்து எலும்பின் வளைவை அவரே விரலால் தொடரச் செய்த பிறகு ஏற்றுக்கொண்டார்.

தாய்க்கு வேறொரு தயக்கம் இருந்தது. பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும் என்பது வடசென்னையில் நாங்கள் அடிக்கடி கேட்கும் நம்பிக்கை. எலும்பு முன்பே போயிருக்க, பிடித்துக்கொண்டிருந்த காரை நீங்கியதும் ஆட்டம் வெளியே தெரிவதுதான் இந்த நம்பிக்கைக்குக் காரணமாக இருக்கிறது. இங்கே ஆடும் பற்களில் காரையே இல்லாததால் விளக்குவது எளிதாயிற்று.

உணர்வு மரத்துப்போக ஊசி போட்டு, ஒரே வாரத்துக்குள் இரண்டு அமர்வுகளில் வாய் முழுவதையும் சுத்தம் செய்தோம். மீயொலிக் கருவியால் தொடங்கி, கடைவாய்ப்பல்லின் முன்பக்க வேருக்குப் பொருந்தும் வளைவுள்ள கிரேசி கியூரெட்டால், பள்ளத்தின் அடிவரை வேரின் மேற்பரப்பைச் சுரண்டி வழவழப்பாக்கினோம். 9 மில்லிமீட்டர் ஆழத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இந்த வேலையைச் செய்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கருவி அடியைத் தொட்டதா என்பதை விரல் உணர்ச்சியைக் கொண்டே அறிகிறோம்.

இரண்டாம் அமர்வு முடிந்த அன்றே அமாக்சிசிலின் 500 மில்லிகிராமும் மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராமும் நாளுக்கு மூன்று வேளை வீதம் ஏழு நாட்களுக்குத் தொடங்கினோம். இந்தக் கிருமிக்கு எதிராக இவ்விரு மருந்துகளும் சேர்ந்து வேலை செய்வதை 1989இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பென்சிலின் ஒவ்வாமை இல்லை என்பதைத் தாயிடமும் பெண்ணிடமும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டோம். வாயில் உலோகச் சுவையும் குமட்டலும் வரும் என்பதை முன்பே சொல்லிவிட்டோம். சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.

மாத்திரையின் வேளை பற்றி ஒரு சொல். பள்ளத்துக்குள் கிருமிகள் பசை போன்ற படலத்துக்குள் ஒடுங்கி வாழ்கின்றன. அந்தப் படலத்தைக் கருவியால் கலைக்காமல் மருந்து உள்ளே போய்ச் சேராது. மெடிக்கலில் இதே இரண்டு மாத்திரைகளையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஈறு சரியாகிவிட்டது என்று வருபவர்களை நாங்கள் பார்க்கிறோம். கசிவு சில வாரம் குறைகிறது, எலும்பு தொடர்ந்து போகிறது, அடுத்த முறை மருந்துக்கு மசியாத கிருமிகள் மிஞ்சுகின்றன. எனவே சுத்தம் செய்து முடித்த நாளிலிருந்தே மருந்து. அதற்கு முன்பு இல்லை.

பல் துலக்கும் முறையைத் திருத்தி, கடைவாய்ப்பற்களின் இடுக்கில் நுழையும் சிறு தூரிகையைப் பழக்கினோம். க்ளோர்ஹெக்சிடின் 0.2 விழுக்காட்டுக் கரைசலை இரண்டு வாரத்துக்கு மட்டும் கொப்பளிக்கச் சொன்னோம். அதற்குமேல் போனால் பற்களில் பழுப்புக் கறை ஏறும்.

எட்டு வாரத்துக்குப் பிறகு

மறு அளவீட்டில் முன்பற்களின் பள்ளம் 3 மில்லிமீட்டராகக் குறைந்து, ஆட்டமும் நின்றிருந்தது. கீழ்க் கடைவாய்ப்பற்களில் 4. மேல் வலதில் 5, மேல் இடதில் 6. இவ்விரண்டிலும் இரத்தக் கசிவு நீடித்தது. இங்கே இரண்டு பாதைகள் இருந்தன. மறுபடியும் ஒருமுறை சுரண்டிப் பார்க்கலாம், அல்லது ஈறைத் திறந்து நேரில் பார்த்துச் சுத்தம் செய்யலாம். படத்தில் தெரிந்தது குறுகிய, ஆழமான, செங்குத்தான குழி. மூன்று பக்கமும் எலும்புச் சுவர் மிஞ்சியிருக்கும் குழிக்குள் இட்ட பொருள் நகராமல் நிற்கும், இரத்தக் கட்டியும் தங்கும். எலும்பு மீள்வதற்கு இதுவே மிகச் சாதகமான அமைப்பு. ஆகவே மேல் தாடையில் அறுவைச் சிகிச்சை என்று முடிவெடுத்தோம்.

குழியில் நிரப்பும் பொருளைப் பற்றிக் குடும்பத்தாருடன் பேசினோம். சந்தையில் கிடைக்கும் எலும்புத் துகள்களில் சில மாட்டெலும்பிலிருந்து தயாராகின்றன. அது எதிலிருந்து வந்தது என்பதைச் சொல்லிச் சம்மதம் பெறுவது மருத்துவரின் கடமை. சிகிச்சை முடிந்தபின் அறிந்தால் அது சம்மதமாகாது. இவர்கள் செயற்கையான கால்சியம் பாஸ்பேட் துகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பெண்ணின் சொந்த இரத்தத்தை எடுத்துச் சுழற்றிப் பிரித்த, ஃபைப்ரின் என்ற உறைபுரதத்தாலான படலத்தையும் சேர்த்துக்கொண்டோம்.

ஈறைத் திறந்தபோது வலப்பக்கக் குழி எதிர்பார்த்தபடி மூன்று சுவருடன் இருந்தது. இடப்பக்கத்தில் அண்ணப் பக்கச் சுவர் கரைந்து இரண்டே மிஞ்சியிருந்தன. முன்பக்கக் கவையும் திறந்திருந்தது. குழிக்குள் பொருந்தியிருந்த அழற்சித் திசுவை முழுவதும் அகற்றி, வேரைச் சுத்தம் செய்து, துகளை மெல்ல நிரப்பி, படலத்தால் மூடி, இடை ஈறு கிழியாமல் தைத்தோம். இரண்டு வாரத்தில் தையல் பிரித்தோம். புதிய ஒட்டு உருவாகும் இடத்தை முனையால் குத்திக் கலைக்கக் கூடாது என்பதால் ஆறு மாதத்துக்கு அந்தப் பள்ளங்களை அளக்கவில்லை. அது வரை மாதம் ஒருமுறை வாயின் மற்ற இடங்களைச் சுத்தம் செய்தோம். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

ஓராண்டுப் படத்தில் வலப்பக்கக் குழியின் பெரும்பகுதி நிரம்பி, பள்ளம் 3 மில்லிமீட்டராக இருந்தது. இடப்பக்கத்தில் 4; குழியின் அடிப்பாதி நிரம்பியது, கவை அப்படியே இருந்தது. மேல் கடைவாய்ப்பல்லின் முன்பக்கக் கவை எந்தத் துகளாலும் எளிதில் மூடாது. நிரம்பியதாகத் தெரிவது எலும்பா, இன்னும் கரையாத துகளா என்பதை எக்ஸ்-ரே மட்டும் கொண்டு சொல்ல முடியாது. பள்ளம் ஆழமாகாமல், இரத்தம் கசியாமல் இருப்பதே நம்பத்தக்க அறிகுறி.

தம்பியும் தங்கையும்

அக்காவின் முதல் அமர்வு நாளில் அழைத்து வரப்பட்ட தம்பிக்கு 13 வயது. அவனுக்குத் தொந்தரவு எதுவுமில்லை. இந்த வயதில் அளவீடு ஏமாற்றும்: முழுதாக முளைக்காத பல்லைச் சுற்றி ஈறு உயரமாக இருப்பதால், நோயில்லாமலே 4, 5 மில்லிமீட்டர் பள்ளம் கிடைக்கும். ஆகவே ஈறின் விளிம்பிலிருந்து அளந்ததோடு நிற்காமல், பல்லின் கழுத்திலிருந்து எலும்பு விளிம்பு எவ்வளவு கீழே இருக்கிறது என்று கடித்துப் பிடிக்கும் எக்ஸ்-ரேயில் பார்த்தோம். கீழ் வலது முதல் கடைவாய்ப்பல்லின் முன்பக்கத்தில் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பள்ளம் 5, இரத்தக் கசிவும் இருந்தது. மற்ற மூன்று கடைவாய்ப்பற்களும் இயல்பு. அக்காவின் படத்தில் இருக்கும் வளைவின் முதல் சரிவு தம்பியின் படத்தில் தெரிந்தது.

அவனுக்கும் ஊசி போட்டு வேர் மேற்பரப்பைச் சுத்தம் செய்தோம். ஒரே பல்லில் இருந்த ஆழமற்ற பள்ளம் என்பதால் மாத்திரையை நிறுத்தி வைத்து, ஆறு வாரத்தில் பார்ப்பது என்று முடிவு செய்தோம். சிலர் இந்தக் குடும்ப வரலாறு இருக்கும்போது உடனே மருந்தையும் சேர்ப்பார்கள். அதற்கும் நியாயம் உண்டு. ஆறு வாரத்தில் பள்ளம் 3 ஆகி, கசிவும் நின்றதால் மருந்து தேவைப்படவில்லை. அறுவையும் துகளும் இல்லாமல் முடிந்தது. எட்டு வயதுத் தங்கையின் பால் கடைவாய்ப்பற்களிலும் புதிதாக முளைத்த முதல் கடைவாய்ப்பற்களிலும் அழிவு இல்லை. அவளைப் பன்னிரண்டு வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதாக ஏற்பாடு.

தாயின் நோய் வயதோடு பிற பற்களுக்கும் பரவியிருந்தது. அவருக்குத் தனியாகச் சிகிச்சை நடக்கிறது. வீட்டில் ஒருவருக்கு மட்டும் சுத்தம் செய்து, மற்றவர்கள் வாயில் அதே கிருமியை விட்டுவைப்பது வேலையைப் பாதியில் நிறுத்துவதாகும்.

இப்போது

முன்பற்களின் சந்து ஏற்கெனவே சற்றுக் குறைந்திருக்கிறது. அழற்சி நீங்கியதும் சில பற்கள் தாமாகவே ஓரளவு பின்வாங்கும். ஓராண்டாகப் பள்ளங்கள் நிலையாக இருப்பதால், மிக மெல்லிய விசையுடன் க்ளிப் தொடங்க ஒப்புதல் அளித்திருக்கிறோம். கடைவாய்ப்பற்களில் வளையம் மாட்டாமல் ஒட்டுத் தகடு மட்டும் பயன்படுத்த வேண்டும், மாதந்தோறும் ஈறு பார்க்கப்பட வேண்டும், முடிந்தபின் பல்லின் உட்புறம் நிரந்தரக் கம்பி ஒட்ட வேண்டும் என்பவை நிபந்தனைகள். எலும்பு குறைந்த பற்கள் க்ளிப்பைக் கழற்றியதும் பழைய இடத்துக்கே ஓடப்பார்க்கும். இடை ஈறு முழுதாக மீளாததால், சந்து மூடினாலும் ஈறருகே ஒரு சிறு கறுப்பு முக்கோணம் மிஞ்சும் என்பதையும் பெண்ணிடம் சொல்லியிருக்கிறோம்.

மேல் இடது கடைவாய்ப்பல்லின் எதிர்காலம் உறுதியில்லை. அதனால் அந்தப் பக்கத்து ஞானப்பல்லை, இடம் போதவில்லை என்ற காரணத்துக்காக யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்று நோயாளிச் சீட்டில் குறித்து வைத்திருக்கிறோம். அதன் வேர் மூன்றில் இரண்டு பங்கு வளர்ந்திருக்கிறது. கவை மேலும் திறந்து முதல் கடைவாய்ப்பல்லை எடுக்க நேர்ந்தால், வேர் நுனி இன்னும் மூடாத இந்த ஞானப்பல்லை அதே குழிக்கு மாற்றி நடலாம். இரத்த ஓட்டம் உள்ளே புகுந்து பல் உயிருடன் நிற்க வாய்ப்புண்டு. வேர் முழுதாக வளர்ந்து நுனி மூடிக்கொண்டால் அந்த வாய்ப்பு பெரிதும் குறைந்துவிடும் என்பதால், அடுத்த எக்ஸ்-ரேயில் கவையோடு சேர்த்து ஞானப்பல்லின் வேர் நுனியையும் பார்க்க இருக்கிறோம்.